தேரைக்கு மூன்று நிறம்

எங்கள் முதலாளி ஓனுகியின் முகவரி அட்டையில் மூன்று பதவிகள் பொன்னெழுத்தில் மின்னும். தலைவர், தயாரிப்பாளர், கனவுச் சிற்பி. முதல் இரண்டும் புரிந்தன. மூன்றாவதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கேட்டால் விளக்கிவிடுவார் என்ற பயம்தான். வீடியோ கேம் கம்பெனி தொடங்குவதற்கு முன்னால் அவர் பச்சிங்கோ சூதாட்ட இயந்திரங்களுக்குச் சின்ன பல்புகள் விற்றுக்கொண்டிருந்தார். அந்த வியாபாரத்தில் மனிதர் நேர்மையானவர் என்று பெயர். பல்பைப் பற்றி மட்டும் அவர் தத்துவம் பேசியதே இல்லை.

கம்பெனி ஒசாகாவில், நிப்பொன்பாஷியில், ஒரு மாஜோங் கிளப்புக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே காய்களைக் கலக்குகிற சத்தம் நாள் முழுக்க மேலே கேட்கும். நான் அங்கே சத்தம் செய்கிறவன். வீரன் குதிக்கும்போது வருகிற 'பொய்ங்', சாகும்போது வருகிற 'ப்யூ'. என் வேலையில் யாரும் தலையிடுவதில்லை. ஒலிக்கு நிறமில்லை என்பதால் தப்பித்தேன்.

அந்த வருடம், ஷோவா அறுபத்து மூன்று, அதாவது 1988, நாங்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டின் பெயர் 'ஊதாக் கோட்டை'. ஒரு நிஞ்சாப் பையன் ஆறு கட்டங்கள் தாண்டிக் கோட்டைக்குள் போக வேண்டும். வழியெல்லாம் ஈட்டி பிடித்த தேரைகள். தேரையை வரைந்தவள் இஸொசாகி தமாயே.

தமாயே முன்பு சாகாயில் சூப்பர்மார்க்கெட்டுகளுக்குத் துண்டுப் பிரசுரம் வரைந்தவள். இரண்டே மையில் அச்சடிக்கிற மலிவுப் பிரசுரம். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. அதற்குள் சூரை மீனும் இருக்க வேண்டும், முட்டைக்கோசும் இருக்க வேண்டும், இரண்டும் சாப்பிடத் தோன்ற வேண்டும். எங்கள் விளையாட்டுப் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடையாது. ஏனென்றால் அந்தப் பெட்டி மகா கஞ்சம். மொத்தமே ஐம்பது சொச்சம் நிறங்கள். அதிலும் திரையில் நகர்கிற உருவங்களுக்கென்று நான்கு தொகுதிகள்தான். ஒரு தொகுதிக்கு மூன்று நிறம். நான்காவது இடம் வெறுமை, அதன் வழியாகப் பின்னாலிருக்கும் சுவர் தெரியும். தமாயே அந்தத் தொகுதிகளைக் கிண்ணம் என்பாள். சோயா சாஸ் ஊற்றுகிற சின்னக் கிண்ணம்.

"நாலு கிண்ணம். ஒண்ணு வீரனுக்கு. ஒண்ணு நெருப்பு, சாவி, சாமான் செட்டுக்கு. மிச்சம் ரெண்டு, தேரைக்கு. இதுல என்ன பெரிய சாஸ்திரம் இருக்கு?" என்பாள்.

சாஸ்திரம் இருந்தது. தேரையை வரையும்போது புள்ளிகளில் நிறம் வைப்பதில்லை, எண் வைக்கிறோம். ஓரக்கோட்டுக்கும் கண்ணுக்கும் ஒன்று, உடம்புக்கு இரண்டு, வயிற்றுக்கு மூன்று. பிறகு 'இந்தத் தேரைக்கு மூன்றாம் கிண்ணம்' என்றால் ஒரு நிறத்தில் வரும், 'நான்காம் கிண்ணம்' என்றால் அதே தேரை வேறு நிறத்தில் வரும். வரைந்தது ஒரு தேரை. திரையில் இரண்டு ஜாதி. அடுத்த கட்டத்துக்குப் போகும்போது கிண்ணங்களைக் கழுவி வேறு நிறம் ஊற்றிக்கொள்ளலாம். ஆறு கட்டம், பன்னிரண்டு ஜாதித் தேரை. ஆட்டத்தில் ஒரு ஜாதி வெட்டினால் சாகும். இன்னொன்றை வெட்டினால் வெடித்து, வீரனின் உயிரையும் கொண்டுபோகும். அதைத் தாண்டிக் குதிக்கத்தான் வேண்டும். ஒரு கொம்பு, ஒரு தொப்பி என்று வித்தியாசமாக வரைய, விளையாட்டு ஏறுகிற சிப் அட்டையில் இடம் மீதியில்லை. நிறத்தை வைத்துத்தான் பையன்கள் உயிர் பிழைக்க வேண்டும்.

வரைகலைப் பிரிவின் தலைவன் முரோசுமி கெய்ஜி. ஓவியக் கல்லூரியில் படித்தவன், கோடையிலும் கழுத்து மூடிய கறுப்புச் சட்டை போடுகிறவன். பேசும்போது 'வெளி', 'மௌனம்' என்ற வார்த்தைகள் அடிக்கடி வரும். ஆனால் கெட்டிக்காரன். தமாயே வரைந்ததைப் பார்த்தால் எது நன்றாக இருக்கிறது என்று அவனுக்கு உடனே தெரியும், அதை அவளிடம் சொல்லவும் செய்வான். அவளைவிட நாலு வயது சின்னவன். அவள் அவனை 'முரோசுமி-குன்' என்று தம்பியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவாள், தலைவன் என்கிற மரியாதை துளியும் இல்லாமல். அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் தேநீர் அறையில் உட்கார்ந்து, வாங்கி வந்த தாகோயாகி உருண்டைகளைக் குத்திக் குத்திச் சாப்பிட்டுக்கொண்டே, அடுத்து தாங்கள் செய்யப்போகிற விளையாட்டைப் பற்றிப் பேசுவார்கள். அதில் மூன்றே நிறம் இருக்குமாம், படம் முழுக்க.

தமாயேவுக்கு அப்போது நகோயாவிலிருந்து ஒரு அழைப்பு வந்திருந்தது. பெரிய கம்பெனி, புது மெஷின். அவள் அதை மறைக்கவில்லை.

"நான் போகணும்னு ஒண்ணும் இல்ல, முரோசுமி-குன். ஆனா என் தேரைய நாசம் பண்ணினா போயிடுவேன். ஒரு வேலைய ஒழுங்கா முடிச்சு வெளிய விட்ட கம்பெனியில இருக்கணும். அவ்ளோதான் எனக்கு."

"நாசம் பண்ண நான் விடுவேனா?" என்றான் முரோசுமி.

அவன் மனதில் அதற்கு மேலும் ஏதோ இருந்தது. எங்களுக்கெல்லாம் தெரியும். அவளுக்குத் தெரியுமா என்பது மட்டும் தெரியாது.

ஜூன் மாத மழையில், ரயிலில் வரும்போது, முதலாளி ஒரு சரித்திரப் பத்திரிகை படித்துவிட்டார். அங்கே ஆரம்பித்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் குடையைக்கூட மடக்காமல் பேசத் தொடங்கினார். "பழைய அரண்மனையில் அதிகாரிகளுக்குத் தொப்பி உண்டு, தெரியுமா? பன்னிரண்டு படி. ஊதா, நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு. ஒவ்வொன்றிலும் அடர் நிறம் ஒன்று, இளநிறம் ஒன்று. அடர்ந்தது மேல், இளசு கீழ். நமக்கும் எதிரிகள் பன்னிரண்டு! இது தற்செயலா?"

தற்செயல்தான். யாரும் சொல்லவில்லை.

"முதல் கட்டத்தில் கறுப்புத் தேரை. கடைசியில் கோட்டை வாசலில் ஊதாத் தேரை. இளநிறத் தேரை சாதாரணம். அடர் நிறத் தேரை வெடிக்கும். பிள்ளைகள் விளையாடிக்கொண்டே சரித்திரம் படிப்பார்கள்."

புரோகிராம் எழுதுகிற ஹிகாஷி கையைத் தூக்கினான். அவனுக்கு எல்லாவற்றையும் உறுதிசெய்துகொள்கிற வியாதி.

"முதலாளி, அடர் வெள்ளைன்னா என்ன? சாம்பல் தானே?"

"சாம்பல் இல்ல. அடர் வெள்ளை."

"அப்ப இளங்கறுப்பு?"

"இளங்கறுப்பு."

"அதுவும் சாம்பல் தானே? வேற சாம்பலா?"

"உனக்குக் கவிதை மனசே கிடையாது ஹிகாஷி" என்றார் முதலாளி, வருத்தத்தோடு.

தமாயே அன்று கொண்டுவந்திருந்த திட்டம் வேறு. முதல் ஜாதிக்குப் பச்சை உடம்பு, வெளிறிய மஞ்சள் வயிறு. வெடிக்கிற ஜாதிக்கு நேர் எதிர்: எலும்பு நிற உடம்பு, அடர் சிவப்பு வயிறு. கோடும் கண்ணும் மட்டும் இரண்டிலும் கறுப்பு, முகம் மாறக்கூடாது என்பதற்காக. நிறத்தை விடுங்கள், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தாலும் ஒன்று இருண்ட தேரை, மற்றொன்று வெளுத்த தேரை. கறுப்பு வெள்ளை டி.வி. உள்ள வீட்டுப் பையன்கூடப் பிழைத்துக்கொள்வான்.

அவள் முரோசுமியைப் பார்த்தாள். எழுந்து சொல்ல வேண்டியது அவன். கூட்டத்தில் பிரிவுத் தலைவர்கள்தான் பேசுவது வழக்கம்.

முரோசுமி எழுந்தான்.

"ஆழமான யோசனை, முதலாளி" என்றான்.

அதோடு உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அவன் படித்தவன். ஆரம்பித்ததை முடிக்காமல் விடமாட்டான். ஒரே நிறத்தின் இரண்டு அடர்த்திகளுக்கு நடுவே உள்ள மௌனத்தைப் பற்றிப் பேசினான். நிழலின் பண்பாடு என்றான். முதலாளிக்கே தன் யோசனை இவ்வளவு நல்லது என்று அப்போதுதான் தெரிந்தது. கூட்டம் முடிவதற்குள் ஹிகாஷி எண்களைத் தட்டி, பன்னிரண்டு தேரைகளையும் பெரிய மானிட்டரில் வரிசையாக நிற்கவைத்தான். அந்த மானிட்டர் டி.வி. நிலையங்களில் வைக்கிற ரகம், ஒவ்வொரு புள்ளியும் ஊசியால் குத்தினமாதிரி தெரியும். அதில் தேரைகள் உண்மையிலேயே அழகாக இருந்தன. அடர் ஊதாவும் இள ஊதாவும் பக்கத்தில் பக்கத்தில் ராஜ கம்பீரமாக நின்றன. முதலாளி கைதட்டினார். நாங்களும் தட்டினோம். தமாயே தட்டவில்லை, பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. எதை முடித்தாலும் பெரிய மானிட்டரில் பார்த்து முடிவு செய்வதில்லை. தேநீர் அறையில் ஒரு பழைய டி.வி. இருந்தது, யாரோ வீட்டிலிருந்து தூக்கிப்போட்டது. விளையாட்டுப் பெட்டியை அதன் ஆன்டெனா வாயில் செருகி, வீடுகளில் பார்க்கிற மாதிரியே பார்ப்போம். சிவப்பெல்லாம் கசியும், ஓரங்கள் கரையும். அதில் தேறினால்தான் தேறியது. அன்று மட்டும் யாரும் அதைச் செய்யவில்லை. கனவுச் சிற்பியைத் தேநீர் அறைக்குள் கூப்பிட்டு, கெட்டில் பக்கத்தில் குந்தவைத்து, தூக்கிப்போட்ட டி.வி.யைக் காட்ட யாருக்கு மனம் வரும்?

மதியம் தமாயே முரோசுமியின் சட்டைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நான் தேநீர் போடப் போனவன், வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டேன்.

"பாரு. எது அடர் ஊதா, எது இள ஊதா? விரல வெச்சுக் காட்டு."

டி.வி.யில் இரண்டு தேரைகள் தத்திக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே மாதிரி ஊதாக் குழம்பு. முரோசுமி ஒன்றை இளசு என்று காட்டினான்.

"அது அடர்ந்தது. வெட்டினே, செத்துட்ட" என்றாள். "அடுத்தது. கறுப்பு."

கறுப்புக் கட்டம் இன்னும் மோசம். அடர் கறுப்புத் தேரை குகையின் கறுப்பில் கரைந்து, வயிறு மட்டும் தனியாகத் தத்திக்கொண்டு போனது.

"வயிறு நல்லா வந்திருக்கு" என்றேன் நான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"நீ டீயக் குடி." அவள் முரோசுமி பக்கம் திரும்பினாள். "நீ எப்பவோ பாத்திருக்கே, இல்ல? மீட்டிங்ல பேசறப்பவே உனக்குத் தெரியும். நெழலோட பண்பாடாம். பன்னெண்டு வயசுப் பையன் புத்தாண்டுக் காச சேத்துவெச்சு வாங்கப்போறான். அவன்கிட்டப் போய் மௌனத்தப் பத்திச் சொல்லு."

முரோசுமியின் காது சிவந்தது. "தெரியும்" என்றான் கடைசியில். "ஆனா அவரு அவ்ளோ ஆசையா சொன்னாரு."

"சரி, ஆசைப்படட்டும். அவரு தொப்பியும் இருக்கட்டும். நான் ஒரு வழி சொல்றேன், கேளு." ஒரு தாளில் இரண்டு தேரை கிறுக்கினாள். "அடர் ஊதாத் தேரைன்னா உடம்பு அடர் ஊதா, வயிறு வெளிறினது. இள ஊதாத் தேரைன்னா உடம்பு வெளிறினது, வயிறு அடர் ஊதா. அதே ரெண்டு நிறம்தான், எடம் மாத்திப் போட்டுட்டோம். அவரோட பன்னெண்டு படியும் அப்படியே இருக்கு. கறுப்புக்கும் வெள்ளைக்கும்கூட இதேதான். ஓரக் கோட்ட மட்டும் குகைச் சுவர்ல கரையாத நெறத்துல வெச்சிட்டாப் போதும். ஒரு புள்ளியக்கூடத் திரும்ப வரைய வேண்டாம்."

முரோசுமி தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான், கழுத்து மூடிய சட்டைக்காரன் சிரிக்கிற சிரிப்பு இல்லை, நிஜமான சிரிப்பு. "இது ரொம்ப நல்லா இருக்கே!"

"எனக்கும் தெரியும். போய் அவர்கிட்டச் சொல்லு."

"சொல்றேன்."

"நானே போய்ச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். மீட்டிங்ல அவர ஆதரிச்சது நான். நானே மாத்திச் சொன்னாத்தான் முறை. நீ போனா அவருக்குச் சங்கடமாயிடும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள நான் நகோயாவுக்குப் பதில் சொல்லணும்."

"அதுக்கு முன்னாடி சொல்லிடறேன். சத்தியமா."

ஹிகாஷியிடமும் கேட்டுவைத்தார்கள். "எண்கள மாத்தணும், அவ்ளோதான?" என்றான் அவன். "நூடுல்ஸ்ல வெந்நீர் ஊத்தி மூடி வெச்சா, வேகறதுக்குள்ள முடிச்சிடுவேன். ஆனா முதலாளி சொன்னாத்தான். போன தடவ நானா ஒரு எண்ண மாத்தி வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

இரண்டு நாள் கழித்து முரோசுமி முதலாளியின் அறைக்குள் போனான். தமாயேவின் தாளைக் கையில் வைத்திருந்தான். கதவு கண்ணாடி, எங்களுக்கு உருவம் தெரியும், சத்தம் கேட்காது. முதலாளி எழுந்து வந்து அவன் தோளில் கை போடுவதைப் பார்த்தோம். ஜன்னல் பக்கம் கூட்டிப்போய் மழையைக் காட்டி ஏதோ சொன்னார். முரோசுமி தலையாட்டினான். தாள் கையில் இருந்தது, பிறகு முதுகுக்குப் பின்னால் போனது, பிறகு நாலாக மடிந்து சட்டைப் பைக்குள் போனது.

வெளியே வந்தவன் முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம், ஒரு மாதிரி வேதனை.

"சொன்னியா?" என்றாள் தமாயே.

"அட்டைப் பெட்டி மேல என் பேரு வருதாம். ரோமன் எழுத்துல. 'நிற இயக்கம்: கெய்ஜி முரோசுமி'ன்னு. என்னோட பேச்ச அப்படியே விளம்பரத்துல போடப் போறாராம்."

"அத விடு. தேரையப் பத்திச் சொன்னியா?"

"அந்த நேரத்துல எப்படிச் சொல்றது, இஸொசாகி-சான்? மனுஷன் கண்ணு கலங்கிட்டாரு. ஒரு வாரம் போகட்டும். பக்குவமா எடுத்துச் சொல்றேன்."

பக்குவம் என்பது எங்கள் கம்பெனியில் பெரிய கலை. ஒரு விஷயத்தை முதலாளியிடம் சொல்வதற்கு முன்னால் அவர் மனைவிக்கு நெருக்கமானவரிடம் சொல்லி, பிறகு கணக்குப் பிரிவில் சொல்லி, பிறகு மீன் சாப்பிடும்போது லேசாகத் தொட்டு, இப்படியே போனால் ஒரு நல்ல நாளில் முதலாளியே அந்த யோசனை தனக்குத் தோன்றியதாகச் சொல்வார். அதற்கு இலையுதிர்காலம் ஆகும். அட்டைகள் தயாராகத் தொழிற்சாலைக்குப் போக வேண்டிய தேதி அதற்கு முன்னாலேயே வரும். சிப்பில் பொறித்த பிறகு ஒரு எண்ணைக்கூட மாற்ற முடியாது.

தமாயே இதையெல்லாம் எடுத்துச் சொல்லவில்லை. வாதாடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவள் கோபப்பட்டிருந்தால் முரோசுமி அதே வேகத்தில் உள்ளே ஓடியிருப்பானோ என்று எனக்கு இப்போதும் தோன்றும். அவள், "சரி" என்று மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமை நகோயாவுக்குத் தொலைபேசியில் பேசினாள். மாதக் கடைசியில் பிரிவு உபசாரம். முதலாளி எழுந்து, பறவைகள் பறந்துபோவதைப் பற்றிப் பேசினார். தமாயே தன் பீரைக் குடித்துவிட்டு, முரோசுமியின் கிளாசிலும் ஊற்றி, "ஒடம்ப பாத்துக்கோ, நிற இயக்குநரே" என்றாள். அதில் கிண்டல் இருந்ததா என்று அவன் என்னை மூன்று தடவை கேட்டான். இருந்தது என்று சொன்னால் ஆறுதலாக இருந்திருக்கும் அவனுக்கு. இல்லை, சும்மாதான் சொன்னாள்.

ஊதாக் கோட்டை டிசம்பரில் கடைக்கு வந்தது. பெட்டி பிரமாதம். பின்பக்கத்தில், 'ஒரே நிறத்தின் இரண்டு அடர்த்திகளுக்கு நடுவே உள்ள மௌனம்' என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் ஒரு தேரை.

பெட்டிக்குள் வைத்த பதில் அட்டைகள் புத்தாண்டுக்குப் பிறகு திரும்பி வர ஆரம்பித்தன. கியூஷூவிலிருந்து ஒரு பையன் எழுதியிருந்தான்: 'தேரையை வெட்டினால் சில சமயம் தேரை சாகிறது, சில சமயம் நான் சாகிறேன். இது எப்படி என்று சொல்லித்தரவும்.' இன்னொருவன், முதல் கட்டத்தில் வயிறு மட்டும் வருவது பேயா என்று கேட்டிருந்தான். ஒரு தாய், தன் மகன் அழுதுகொண்டே பெட்டியைத் தூக்கி எறிந்ததாகவும், பெட்டியின் பின்பக்கத்தில் எழுதியிருப்பது தனக்கும் புரியவில்லை என்றும் எழுதியிருந்தாள். ஒரு பத்திரிகை விமர்சனத்தில், சந்தையிலேயே மிகக் கொடூரமான அதிர்ஷ்ட விளையாட்டு என்று போட்டார்கள். கடைக்காரர்கள் மீதியைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் மாடிப்படியில் அட்டைப்பெட்டிகள் அடுக்கிவைக்கப்பட்டன; மாஜோங் கிளப்புக்காரர்கள் பக்கவாட்டில் நடந்து போனார்கள்.

முதலாளி கொஞ்ச நாள், இது காலத்தை முந்திய படைப்பு என்றார். பிறகு அதுவும் சொல்வதில்லை. ஒருநாள் மத்தியானம் முரோசுமியையும் என்னையும் பக்கத்து ஊடோன் நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப்போனார். என்னை ஏன் என்றால், நான் அப்போது லிப்டின் முன்னால் நின்றேன். பொரித்த தோஃபு போட்ட ஊடோன் மூன்று வந்தது. முதலாளி சாப்பிடாமல் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கே தப்பு நடந்தது, முரோசுமி?"

முரோசுமி குச்சிகளைக் கீழே வைத்தான். சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டான். மாதக்கணக்கில் சேர்த்துவைத்ததை ஒரே மூச்சில் கொட்டினான். டி.வி.யில் இரண்டு தேரைகளும் ஒன்றாகத் தெரிந்தன, எனக்கு ஜூன் மாதமே தெரியும், இஸொசாகி-சான் ஒரு வழி சொன்னாள், உடம்பையும் வயிற்றையும் மாற்றிப் போடுவது, தொப்பி நிறங்கள் அப்படியே இருந்திருக்கும், அதைச் சொல்லத்தான் அன்று உங்கள் அறைக்கு வந்தேன், சொல்லவில்லை. சொல்லிவிட்டு மேசையில் நெற்றி படும்படி குனிந்தான்.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உடம்பையும் வயித்தையுமா?"

"ஆமாம், முதலாளி."

"தொப்பி நிறம் இருந்திருக்குமா?"

"எல்லாம் இருந்திருக்கும்."

"அப்பறம் ஏன்டா சொல்லல?" முதலாளியின் குரலில் கோபம்கூட இல்லை, நிஜமான ஆச்சரியம். "நான் ரயில்ல எதையோ படிச்சேன், வந்து சொன்னேன். நல்லா இருக்குன்னு நீதானே சொன்னே? படிச்சவன் சொல்றான், சரியாத்தான் இருக்கும்னு நான் நெனச்சேன். எனக்கு நிறத்தப் பத்தி என்ன தெரியும்? நான் பல்பு வித்தவன். எரியுதா, எரியலையா, அவ்ளோதான் எனக்கு."

குச்சிகளை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மாத்துடான்னு சொல்லியிருப்பேன்" என்றார் வாயில் ஊடோனோடு. "ஆறுது, சாப்பிடு."

முரோசுமி சாப்பிடவில்லை. திட்டுவார், வேலையை விட்டு அனுப்புவார் என்று அவன் தயாராக வந்திருந்தான். அப்படி ஏதாவது நடந்திருந்தால் ஜூன் மாதத்துப் பயத்துக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். முதலாளி அவனுடைய தோஃபுவையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

திரும்பி வந்ததும் அவன் நகோயாவுக்குத் தொலைபேசி போட்டான். அவன் மேசைக்குப் பக்கத்து மேசை என்னுடையது. தமாயேவின் குரல் எப்போதும் ரிசீவரை விட்டு வெளியே வந்துவிடும். ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"முரோசுமி-குன்னா? என்ன, உயிரோட இருக்கியா? இங்க வந்து பாரு, ஒரு கிண்ணத்துக்குப் பதினஞ்சு நிறம்! எனக்கு வெக்கமா இருக்கு. ஒரு நத்தை வரஞ்சேன், அஞ்சு நிறத்தோட நிறுத்திட்டேன். மிச்சத்த என்ன பண்றேன்னு இங்க இருக்கறவங்க கேக்கறாங்க. பிரசுரக் கடையில வளந்தவ, மை வீணாக்கக் கை வரமாட்டேங்குது."

அவன் சிரித்தான். பிறகு, "இன்னிக்கு முதலாளிகிட்டச் சொல்லிட்டேன்" என்றான்.

"எத?"

"தேரைய. உடம்பு, வயிறு."

மறுமுனையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"என்ன சொன்னாரு?"

"ஏன் அப்பவே சொல்லலன்னு கேட்டாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

தமாயே சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்தினாள். "நானே போயிருக்கணும்" என்றாள், இப்போது குரல் தாழ்ந்திருந்தது, நான் கொஞ்சம் சாய வேண்டியிருந்தது. "கதவத் தட்டி, மொதலாளி இங்க வந்து இந்த டி.வி.யப் பாருங்கன்னு ஒரு வார்த்தை. வந்திருப்பாரு மனுஷன். நீ சொல்றேன்னு சொன்ன. அதான் நான் போகல."

"என் தப்பு."

"உன் தப்பு இல்லன்னு நான் சொல்லல." கோபமில்லாமல் சொன்னாள். "நல்ல தேரை அது."

"ஆமாம்."

"சரி, கூப்பிடறாங்க. வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

முரோசுமி ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினான். கீழே மாஜோங் காய்களைக் கலக்கினார்கள். அவன் வாய் திறந்தது. நான் அநாவசியமாக ஒரு கேபிளைத் தேடக் குனிந்தேன்.

"அங்க பனி பெய்யுதா?" என்றான்.

"போன வாரமே நின்னுடுச்சு" என்றாள் தமாயே. "ஃபோன வெக்கறேன்."